கல்லீரல் சீழ்க்கட்டி: மருந்து போதுமா, சீழை வெளியே எடுக்க வேண்டுமா?

புதிதாக வார்டுக்கு வரும் பயிற்சி மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடசென்னையில் வேலை பார்த்தால், வலது விலாவைக் கையால் அழுத்திப் பிடித்தபடி காய்ச்சலோடு வருகிறவர்களை அடிக்கடி பார்ப்பீர்கள். அல்ட்ராசவுண்டில் சீழ்க்கட்டி என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது மட்டுமே இங்கே.

1. முதல் மருந்துக்கு முன்பே ரத்த கல்ச்சர்

ஆன்டிபயாடிக் ஏறிவிட்டால் கிருமி வளராமல் போகலாம். இரண்டு இடங்களிலிருந்து ரத்தம் எடுங்கள்.

2. ஆளைப் பாருங்கள்

காசிமேட்டில் மீன் கூடை இறக்கும் 35 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தினமும் குடிப்பவர். பத்து நாளாகக் காய்ச்சல். சர்க்கரை நோய் இல்லை, காமாலை இல்லை. வலது மடலில் 7 செ.மீ. அளவில் ஒரே கட்டி. இது பெரும்பாலும் அமீபா. வயிற்றுப்போக்கு இல்லையே என்று தயங்க வேண்டாம். பலருக்கு அது இருப்பதில்லை, மலப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது.

தண்டையார்பேட்டையிலிருந்து வரும் 62 வயது அம்மாவுக்குச் சர்க்கரை நோய், பித்தப்பைக் கல், உடலை உலுக்கும் குளிர், ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் என்றால் பாக்டீரியாவை நினையுங்கள்.

அமீபா எதிர்ப்பொருள் பரிசோதனையை அளவோடு நம்புங்கள். எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் இங்கே அது பாசிட்டிவ் காட்டும். நோய் தொடங்கி ஒரு வாரம் கழித்து எடுத்து நெகட்டிவ் வந்தால், அந்த முடிவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

3. முடிவு ஏன் மாறுகிறது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அமீபா கட்டியில் இருப்பது உண்மையான சீழ் அல்ல. கரைந்துபோன கல்லீரல் திசு. உயிருள்ள அமீபாக்கள் கட்டியின் சுவரோரம் இருக்கின்றன. மெட்ரோனிடசோல் அங்கே நன்றாகச் சென்று சேர்கிறது. அவை செத்த பிறகு, நடுவில் இருக்கும் திரவத்தை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும்.

பாக்டீரியா கட்டியில் சீழ் முழுக்கக் கிருமிகள். சுவரைத் தாண்டி உள்ளே மருந்து போதுமான அளவு போவதில்லை. ஆகவே சீழை எடுப்பதே சிகிச்சையின் பாதி. ஈ.கோலியா, கிளெப்சியெல்லாவா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் அந்தச் சீழைக் கல்ச்சர் செய்தால் தெளிவாகத் தெரியும்.

4. மருந்தும் ஊசியும்

காசிமேட்டுக்காரருக்கு மெட்ரோனிடசோல் 800 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை, 7 முதல் 10 நாள். மருந்து எடுக்கும் நாட்களில் மதுவைத் தொடக் கூடாது. மூன்று நாளில் காய்ச்சலும் வலியும் தணிந்தால் ஊசியால் சீழை உறிஞ்சத் தேவையில்லை. 72 முதல் 96 மணி நேரத்தில் தணியாவிட்டால் சீழை எடுத்துப் பாருங்கள். கட்டி இடது மடலில் இதய உறையை ஒட்டி இருந்தாலோ, மேலே கல்லீரல் மெல்லிய ஏடாக மட்டும் மிஞ்சியிருந்தாலோ, 10 செ.மீ. தாண்டியிருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் செஃப்ட்ரையாக்சோனையும் சேர்த்துக் கொடுப்பேன். ஆனால் இரண்டையும் கொடுத்துக் குணமானால், எது குணப்படுத்தியது என்று சொல்ல முடியாது.

அந்த அம்மாவுக்குச் சுமார் 5 செ.மீ.க்கு மேல் உள்ள கட்டிக்குப் பிக்டெயில் குழாய்தான் என் தேர்வு. சிறியதற்கு ஊசியால் உறிஞ்சினால் போதும். கெட்டியான சீழ் குழாயை அடைக்கும். வடிவது திடீரென நின்றால் சலைன் செலுத்திப் பாருங்கள், கட்டி வற்றிவிட்டது என்று குழாயை உருவிவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் 4 முதல் 6 வாரம். பித்தநாளத்தில் அடைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். கிளெப்சியெல்லா வளர்ந்து, பார்வை மங்குகிறது என்றால் அன்றே கண் மருத்துவர் பார்க்க வேண்டும்.

எடுத்த சீழ் பழுப்பாக, நாற்றமின்றி இருந்தால் அமீபா என்பார்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் கிராம் சாயத்துக்கும் கல்ச்சருக்கும் அனுப்புங்கள். அமீபாவைத் தேடுவதென்றால் கடைசியாக வரும் சீழைக் கொடுங்கள். சுவரோரத்துச் சீழ் அதுதான்.

5. குடலை மறக்காதீர்கள்

மெட்ரோனிடசோல் கல்லீரலில் உள்ளதைக் கொல்லும்; குடலில் தங்கியிருக்கும் அமீபாவை முழுதாக அழிக்காது. அதற்கு டைலாக்சனைடு ஃபியூரோயேட் 500 மி.கி., மூன்று வேளை, 10 நாள். டிஸ்சார்ஜ் சீட்டில் அதிகம் விடுபடும் மருந்து இதுதான். விட்டுப்போனால் கட்டி மறுபடி வரலாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு சகோதரி கேட்டிருந்தார்: காய்ச்சல் போய் ஒரு மாதம் ஆகியும் ஸ்கேனில் அண்ணனுக்குக் கட்டி தெரிகிறது, மெட்ரோனிடசோலைத் தொடர்ந்து எடுக்கிறார், இப்போது கால் விரல்கள் மரத்துப்போகின்றன. அம்மா, அந்த மரமரப்பு மருந்தாலேயே வரலாம். மருந்தை நிறுத்துவது பற்றி இன்றே அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள். நோய் குணமான பிறகும் அந்தக் குழி மறைய மாதக்கணக்கில் ஆகும். ஸ்கேன் அளவை வைத்து மருந்தை நீட்டுவதில்லை. காய்ச்சலோ வலியோ திரும்பினால் மட்டும் உடனே மறுபடி ஸ்கேன் எடுங்கள்.