197உம் 199உம் ஒரே உயரத்தில் நின்றால் அது புரோமின்தானா?

உரும்பிராயில் ஒரு வெங்காயத் தோட்டத்துக் கொட்டிலில் கிடந்த போத்தல் ஒன்று எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. லேபல் மழையில் ஊறி உரிந்துபோயிருந்தது. பழைய பூச்சிமருந்து என்பதற்கு மேல் தோட்டக்கார ஐயாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு துளியை எடுத்து நன்றாக ஐதாக்கி ஜிசி-எம்எஸ்ஸில் செலுத்தினோம். ஒரே ஒரு பெரிய உச்சி வந்தது. எந்தத் திணிவில் எவ்வளவு உயரத்தில் உச்சி நிற்கிறது என்று காட்டும் அதன் திணிவு நிறமாலையை அச்செடுத்து மாணவி ஒருவரிடம் கொடுத்தேன்.

"மிஸ், 197உம் 199உம் ஒரே உயரம். புரோமின் ஒண்டு இருக்கு."

"201 இல என்ன நிக்குது எண்டு பாத்தனீரோ?"

"அது சின்னன், மிஸ்."

அலசன் மூலகங்களைத் தேடும்போது அதிகம் பேர் விடும் தவறு இதுதான். பாடத்தில் நாம் இரண்டு வரிகளை மனனம் செய்கிறோம்: இரண்டு அலகு தள்ளி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் உச்சி வந்தால் குளோரின், சம உயரத்தில் வந்தால் புரோமின். இரண்டும் சரிதான். ஆனால் அவை அணு ஒன்றே ஒன்று இருக்கும்போது மட்டும் பொருந்துபவை.

குளோரின் அணுக்களை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். இயற்கையில் நான்கு குளோரின் அணுக்களை எடுத்தால் ஏறத்தாழ மூன்று 35 திணிவுடையவை, ஒன்று 37. மூலக்கூறு கருவிக்குள் உடைந்து வரும் ஒரு துண்டத்தில் மூன்று குளோரின் இருந்தால், மூன்றும் 35 ஆக அமையும் வாய்ப்பு 3×3×3, அதாவது 27. ஒன்று மட்டும் 37 ஆக அமைவது 3×3×1, அதாவது 9. ஆனால் அந்த 37 மூன்று இடங்களில் எதிலும் இருக்கலாம் என்பதால் அதுவும் 27 ஆகிவிடுகிறது. இரண்டு 37 வருவது 9, மூன்றும் 37 ஆவது 1. முதல் இரண்டு உச்சிகளும் சமமாவது இப்படித்தான். சரியான சமதானி வீதங்களைப் போட்டுக் கணித்தால் 100 : 96 : 31 : 3 என்று வரும். புரோமின் ஒன்றுக்கு 100 : 97. இந்த 96ஐயும் 97ஐயும் எந்தச் சாதாரண கருவியிலும் பிரித்தறிய முடியாது.

தீர்ப்புச் சொல்வது 201. புரோமின் ஒன்று மட்டும் இருந்தால் நான்கு அலகு தள்ளி அநேகமாக ஒன்றும் நிற்காது. எங்கள் அச்சில் 201 இருந்தது 197இன் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில். அதைச் சின்னன் என்று தள்ளிவிட முடியாது. 203இலும் மயிரிழை போல ஒன்று நின்றது.

இந்த இடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. புரோமின் ஒன்றும் குளோரின் ஒன்றும் சேர்ந்திருந்தாலும், நான்கு அலகு தள்ளி நிற்கும் உச்சி முதலாவதன் 31 சதவீதம்தான். மூன்று குளோரினுக்கும் அதே 31. ஆகவே 201ஐ மட்டும் அளந்தால் போதாது, நடு உச்சியையும் பார்க்க வேண்டும். புரோமின்-குளோரின் சோடியில் நடு உச்சிதான் மிக உயரம், ஏறத்தாழ 77 : 100 : 24. எங்கள் 199, 197ஐ மிஞ்சவில்லை. ஆகவே மூன்று குளோரின்.

அடுத்து மாணவி 314க்குப் போனார். வலப்பக்கத்தில் எடுப்பாகத் தெரிந்த கூட்டம் அதுதான்: 314, 316, 318. உயரங்கள் ஏறத்தாழ 100, 70, 14. "இது இரண்டு குளோரின், மிஸ். மூலக்கூற்றுத் திணிவு 314." முதல் பாதி சரி. இரண்டு குளோரினுக்கு 100 : 64 : 10 வர வேண்டும். கூடியிருந்த கொஞ்சம் கந்தகத்தின் வேலை, ஏனெனில் கந்தகத்தின் 34ஆம் சமதானியும் இரண்டு அலகு தள்ளி 4 சதவீதத்துக்குச் சற்று மேல் சேர்க்கும். ஆனால் இரண்டாவது பாதியை 197 மறுக்கிறது. சிறிய துண்டத்தில் மூன்று குளோரின் இருக்கும்போது முழு மூலக்கூற்றில் இரண்டு மட்டும் எப்படி இருக்கும்?

தெரிந்த கூட்டங்களில் பெரியதை மூலக்கூற்று அயனாக எடுத்துக்கொள்வது இரண்டாவது பெருந்தவறு. அலசன் கொண்ட சேர்வைகள் பல இலத்திரன் தாக்கத்தில் ஓர் அலசன் அணுவைச் சட்டென்று கழற்றிவிடும். மூலக்கூற்று அயன் தாளின் அடிக்கோட்டோடு ஒட்டிக்கிடக்கும். 340க்கு மேல் நிறமாலையைப் பெருப்பித்துக் காட்டச் சொன்னேன். 349, 351, 353 எழும்பின. 349உம் 351உம் அநேகமாகச் சமம்: மூன்று குளோரினின் 96உடன் கந்தகமும் சேர்ந்து 351ஐ உயர்த்தியிருக்கிறது. 349இலிருந்து 314க்கு 35 குறைகிறது. குளோரின் ஒன்று போய், மூன்று இரண்டாகியிருக்கிறது. 314ஐ மூலக்கூறு என்று எடுத்திருந்தால், இரட்டை எண் என்பதால் நைதரசன் இல்லை அல்லது இரண்டு உண்டு என்று முடிவு கட்டியிருப்போம். 349 ஒற்றை எண், அதாவது நைதரசன் ஒற்றைப்படையில் இருக்கிறது. ஒரு தவறு அடுத்த தவறைக் கையோடு கூட்டி வந்திருக்கும்.

கழித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு கூட்டத்திலும் ஆகச் சிறிய திணிவிலிருந்து கழியுங்கள். மென்பொருள் உயரமான உச்சிக்குத்தான் எண் போடும். இங்கே அது 351க்கு மட்டும் போட்டிருந்தால், 351இலிருந்து 314 கழித்து 37 என்று எழுதிவிட்டு, 37இல் எது போகும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்போம். 314க்குக் கீழே 286, 258 என்று 28 வித்தியாசத்தில் இரண்டு கூட்டங்கள் நின்றன. இரண்டிலும் அதே இரண்டு குளோரின் வடிவம் மாறாமல் வந்தது. எதீன் மூலக்கூறுகள் கழன்றிருக்கின்றன, குளோரினில் கைவைக்கப்படவில்லை.

உயரங்களை நம்புவதற்கு முன் ஒன்று. மாதிரி செறிவாக இருந்தால் உணரி நிரம்பிவிடும். உயரமான உச்சி ஓர் எல்லைக்கு மேல் வளராது, பக்கத்துச் சிறியது வளர்ந்துகொண்டே போகும். குளோரின் ஒன்றின் 100 : 32, அப்போது 100 : 60 போலத் தோன்றி இரண்டு குளோரின் வேடம் போடும். சந்தேகம் வந்தால் நிறப்பகுப்பு உச்சியின் நடுவை விட்டுவிட்டு, செறிவு குறைந்த ஓரத்தில் நிறமாலையை எடுத்துப் பாருங்கள். விகிதம் மாறினால் நிரம்பல்தான். பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி செலுத்துவது அதைவிட நல்லது. நாங்கள் தொடக்கத்திலேயே ஐதாக்கியது இதற்காகத்தான். தெரிவுசெய்த சில அயன்களை மட்டும் அளக்கும் முறையில் ஓட்டிய தரவில் இந்த வடிவத்தைத் தேடக் கூடாது. கேட்காத திணிவு அங்கே பதிவாகியே இருக்காது.

மூன்று குளோரின், ஒற்றைப்படை நைதரசன், கந்தகம், திணிவு 349, இரண்டு எதைல்: தோட்டத்து மருந்து ஒன்றில் இவை எல்லாம் சேர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது குளோர்பைரிபோஸ், C9H11Cl3NO3PS. 197இல் நின்றது அதன் முக்குளோரோபிரிடினோல் துண்டம். ஆனால் குளோரின்கள் எத்தனை என்பதைத்தான் சமதானி வடிவம் சொல்லும். வளையத்தில் எந்த எந்த இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன என்று சொல்லாது. அதனால் குளோர்பைரிபோஸ் நியமத்தை அதே நிலைமைகளில் செலுத்தினோம். அதே நிமிடத்தில், அதே நிறமாலையோடு வந்தது. மாணவி தன் அச்சில் 201ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் "31" என்று எழுதிக் கோப்பில் வைத்தார்.