மூன்று கடன், மூன்று வட்டி: கடைசியில் யாருக்கு எவ்வளவு கட்டுவோம்?

போன மாதம் என் மாமா மகன் வாட்ஸ்அப்பில் மூன்று படங்களை அனுப்பினான். வீட்டு மாடியில் ஓர் அறை கட்ட 3 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் கேட்டிருக்கிறான். மூன்று இடத்திலிருந்து மூன்று விதமாகப் பதில் வந்திருக்கிறது. மூன்றுமே 36 மாதத் தவணை.

முதல் இடத்தில் 12 சதவீத வட்டி, பிராசசிங் ஃபீஸ் 2.5 சதவீதம். இரண்டாவது இடத்தில் 7.5 சதவீத ஃபிளாட் வட்டி, ஃபீஸ் 1 சதவீதம். மூன்றாவது இடத்தில் 13 சதவீத வட்டி, ஃபீஸ் மொத்தமே 999 ரூபாய்.

"அண்ணே, 7.5 தானே இருக்கறதுலயே கம்மி? அதையே எடுத்துடவா?" என்று கேட்டான். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, போனிலேயே கூகுள் ஷீட்ஸைத் திறக்கச் சொன்னேன். அவனோடு போட்ட அதே கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களிடம் வந்த எண்களைப் போட்டு நீங்களும் செய்து பார்க்கலாம்.

படி 1: வட்டி எந்த வகை என்று பாருங்கள்

வட்டி இரண்டு விதமாகக் கணக்காகும். குறையும் அசல் மீதான வட்டியில், ஒவ்வொரு மாதமும் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். வங்கிகள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். ஃபிளாட் வட்டியில் முழு 3 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். மூன்றாவது வருடத்தில் அசலில் பெரும்பகுதியை நீங்கள் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். கொடுத்து முடித்த பணத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் 7.5-ஐயும் 12-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு. ஒன்று முழம், இன்னொன்று மீட்டர்.

படி 2: மாதத் தவணையைக் கண்டுபிடியுங்கள்

ஃபிளாட் வட்டிக்குத் தாளும் பேனாவும் போதும். 3 லட்சத்துக்கு 7.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 22,500. மூன்று வருடத்துக்கு 67,500. அசலோடு சேர்த்தால் 3,67,500. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 10,208 ரூபாய் சொச்சம்.

மற்ற இரண்டுக்கும் ஷீட்டில் இதைத் தட்டுங்கள்:

```
=PMT(12%/12, 36, -300000)
=PMT(13%/12, 36, -300000)
```

முதலாவதுக்கு 9,964 ரூபாயும் மூன்றாவதுக்கு 10,108 ரூபாயும் வரும். வட்டியை 12-ஆல் வகுக்க மறந்தால் தவணை முப்பதாயிரத்தைத் தாண்டிக் காட்டும். அப்படி வந்தால் பதற வேண்டாம், அந்த வகுத்தல் விட்டுப்போயிருக்கும்.

ஃபிளாட்டின் நிஜ முகத்தைப் பார்க்க ஆசையிருந்தால் இதையும் போடுங்கள்:

```
=RATE(36, -10208.33, 300000)*12
```

விடை ஏறக்குறைய 13.7 சதவீதம். அதாவது மூன்றிலும் அதிக வட்டி இதுதான்!

படி 3: ஃபீஸைச் சேருங்கள், ஜிஎஸ்டியோடு

ஃபீஸ் சதவீதத்தைச் சொல்பவர்கள், அதன் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சொல்ல மறந்துவிடுவார்கள். முதல் கடனில் 2.5 சதவீதம் என்பது 7,500 ரூபாய். ஜிஎஸ்டி 1,350 சேர்ந்து 8,850. இரண்டாவதில் 3,540. மூன்றாவதில் 1,179.

இந்தப் பணத்தைப் பெரும்பாலும் கடனிலேயே பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கணக்கில் போடுவார்கள். முதல் இடத்தில் கடன் வாங்கினால் கைக்கு வருவது 2,91,150 மட்டுமே. கொத்தனாருக்குச் சரியாக 3 லட்சம் எண்ணிக் கொடுக்க வேண்டுமென்றால் துண்டு விழும்.

படி 4: கூட்டுங்கள்

| கடன் | 36 தவணை | ஃபீஸ் | மொத்தம் |
|---|---|---|---|
| 12% | 3,58,715 | 8,850 | 3,67,565 |
| 7.5% ஃபிளாட் | 3,67,500 | 3,540 | 3,71,040 |
| 13% | 3,63,895 | 1,179 | 3,65,074 |

விளம்பரத்தில் பெரிய எண்ணாக இருந்த 13 சதவீதக் கடன்தான் கடைசியில் மலிவு. சின்ன எண்ணாக இருந்த 7.5-க்குத்தான் அதிகம் கட்ட வேண்டும்.

படி 5: எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று உங்களையே கேளுங்கள்

மேலே உள்ள வரிசை 36 மாதத்துக்கு மட்டும்தான். அதே 12, 13 சதவீதக் கடன்களை 60 மாதத்துக்குப் போட்டால் முதலாவது 4,09,250, மூன்றாவது 4,10,734. வரிசை தலைகீழாகிவிடும். ஃபீஸ் ஒரே தடவை போகிற பணம், வட்டி மாதாமாதம் போகிற பணம். காலம் நீளமாக இருந்தால் ஒரு சதவீத வட்டி வித்தியாசம் ஃபீஸை விழுங்கிவிடும். காலம் குறுகினால் ஃபீஸ்தான் கடிக்கும்.

மாமா மகனுக்கு அடுத்த வருடம் ஒரு சீட்டுப் பணம் வர இருக்கிறது. அதில் கடனை முடித்துவிடலாம் என்று இருக்கிறான். அதனால் 12 தவணை கட்டிவிட்டு முடித்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தோம். அதுவரை போன வட்டியையும் ஃபீஸையும் கூட்டினால் முதல் கடனில் செலவு 40,097, மூன்றாவதில் 35,094. முழுக் காலத்தில் சுமார் 2,500 ரூபாயாக இருந்த வித்தியாசம் ஒரே வருடத்தில் முடித்தால் 5,000 ஆகிவிடுகிறது. கட்டிய ஃபீஸ் திரும்பி வராதல்லவா? இதன் மேல், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு, எத்தனை தவணைக்கு அப்புறம்தான் முடிக்க விடுவார்கள் என்பதையும் கேட்டு, இந்தக் கணக்கோடு கூட்ட வேண்டும்.

படி 6: கையெழுத்துக்கு முன் ஒரு தாளை வாங்குங்கள்

2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப்பட்ட கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத் தாளைக் கடன் தருபவர் கொடுக்க வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஓர் எண் இருக்கும். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்து வருடச் சதவீதமாக மாற்றிய எண் அது. மூன்று தாளையும் வாங்கி, உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒத்துப்போகவில்லையென்றால் காப்பீடு காரணமாக இருக்கலாம். கடனோடு சேர்த்து, உதாரணத்துக்கு 6,000 ரூபாய்க்கு, ஒரு பாலிசியை அசலில் ஏற்றியிருப்பார்கள். 12 சதவீத வட்டியில் அது 36 மாதத்தில் 7,174 ரூபாயாகிறது. அது கட்டாயமா, விருப்பமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் பதில் வரட்டும்.

எங்கள் கணக்கு முடிந்த மறுநாள் ஃபிளாட் வட்டிக்காரர் மறுபடியும் அழைத்திருக்கிறார். "சார், தவணை அதிகம்னு யோசிக்கிறீங்களா? நாலு வருஷமா மாத்திக்கலாம், மாசம் 8,125 கட்டினா போதும்." மாதம் 2,083 ரூபாய் குறைகிறதே என்று இவனுக்குக் கொஞ்சம் சபலம். 8,125-ஐ 48-ஆல் பெருக்கிப் பார்த்திருக்கிறான். 3,90,000 வந்திருக்கிறது. பழைய 3,67,500-ஐக் கழித்துவிட்டு, 22,500 என்ற எண்ணை மட்டும் எனக்கு அனுப்பியிருந்தான்.