பேசி முடித்த சந்திப்பு நேரத்தை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்திப்பு நேரத்தை எழுதி வைத்திருந்தும் தகராறு வருவதற்குப் பெரும்பாலும் காரணம், பேச்சில் வந்த சொல்லை அப்படியே எழுத்தில் இறக்கிவிடுவதுதான். 2025 ஜூன் 4, புதன்கிழமையன்று இருவர் தொலைபேசியில் பேசி, "அடுத்த வெள்ளி பத்தரைக்குச் சந்திப்போம்" என்று முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். பேசி முடித்ததும் ஒருவர், "அப்போது அடுத்த வெள்ளி பார்ப்போம்" என்று செய்தி அனுப்புகிறார். மற்றவர் "சரி" என்கிறார். முதலாமவர் மனத்தில் இருப்பது இரண்டு நாளில் வரும் 6ஆம் தேதி. மற்றவர் குறித்துக்கொண்டதோ அதற்கடுத்த வாரத்து 13ஆம் தேதி. எழுத்து இருக்கிறது, ஆனால் அதை இருவரும் தத்தம் பக்கத்துக்குச் சான்றாகக் காட்டலாம்.

"2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, காலை 10.30 மணி" என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். கைதவறி 14 என்று எழுதிவிட்டால், அது சனிக்கிழமை ஆயிற்றே என்று படிப்பவர் உடனே கேட்பார். தேதி மட்டும் இருந்தால் பிழை யார் கண்ணிலும் படாது. மாதத்தையும் பெயரால் எழுதுவது நல்லது, ஏனெனில் 5/6 என்பதை ஜூன் 5 என்று படிப்பவரும் உண்டு, மே 6 என்று படிப்பவரும் உண்டு. "சனிக்கிழமை இரவு 12 மணி" இன்னும் மோசம்: அது சனி பிறக்கும் நேரமா, முடியும் நேரமா? 11.59 என்று எழுதிவிட்டால் கேள்வியே எழாது.

அடுத்த தவறு, தன் நாட்குறிப்பில் மட்டும் எழுதிக்கொள்வது. தொலைபேசியில் "ஆறரை" என்பது "ஏழரை" என்று காதில் விழுந்திருந்தால், நாட்குறிப்பு அந்தப் பிழையைத்தான் பத்திரமாகக் காக்கும். ஆகவே பேசி முடித்த சில நிமிடங்களுக்குள், பேச்சு இருவருக்கும் நினைவில் இருக்கும்போதே, குறிப்பை மற்றவருக்கு அனுப்ப வேண்டும். அதிலும் "13ஆம் தேதி வசதிப்படுமா?" என்று கேட்டால், முடிந்த பேச்சு மறுபடி முடியாததாகிவிடுகிறது. "ஜூன் 13, வெள்ளி, காலை 10.30 மணிக்கு உங்கள் அலுவலகத்தில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம், மாறுபாடு இருந்தால் இன்றே தெரிவிக்கவும், இல்லையென்றால் நேரத்தைக் குறிப்பிட்டுப் பதில் எழுதவும்" என்பது போதும். வெறும் "சரி", படிக்காமலும் வரக்கூடும். நேரத்தைத் திருப்பி எழுதுபவர் படித்திருப்பார். பதிலே வராவிட்டால் அதைச் சம்மதம் என்று கொள்ளாமல் ஒருமுறை அழைத்துக் கேட்டுவிட வேண்டும்.

நேரம் பிறகு மாறினால், பழைய செய்தியைத் திருத்தவோ அழிக்கவோ கூடாது. முன்பே படித்தவர் திருத்தத்தைக் கவனிக்காமல் போகலாம். எப்போது மாற்றினோம் என்பதற்கும் தடயம் இருக்காது. "ஜூன் 13 காலை 10.30 ரத்து, அதற்குப் பதிலாக ஜூன் 16, திங்கள், மாலை 4.00 மணி" என்று இரண்டு நேரங்களையும் ஒரே செய்தியில் புதிதாக எழுதி, அதற்கும் முன்போலவே பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.