17-17-17 மூட்டையும் ஏக்கர் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு ஆனேக்கல் பக்கம் நண்பர் ஒருவரின் நிலத்துக்குப் போயிருந்தேன். பெங்களூரில் வேலை, வார இறுதியில் கேழ்வரகு. வரப்பில் இரண்டரை மூட்டை 17-17-17 காம்ப்ளக்ஸ் உரம், பக்கத்தில் இரண்டு மூட்டை யூரியா. "ஒரு ஏக்கருக்குத்தான் அண்ணா" என்றார். எனக்குப் பகீரென்றது. முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன்.

காம்ப்ளக்ஸில் உள்ள தழைச்சத்தைக் கழிக்காமல் விடுவது

பாசனக் கேழ்வரகுக்கு இங்கே பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 100:50:50 கிலோ. ஏக்கருக்கு 40:20:20. மூட்டையில் உள்ள மூன்று எண்களும் இதே வரிசையில், 100 கிலோ உரத்தில் ஒவ்வொரு சத்தும் எத்தனை கிலோ என்று சொல்கின்றன.

கணக்கை மணிச்சத்திலிருந்து தொடங்குங்கள். 20 கிலோ மணிச்சத்து வேண்டுமென்றால் 20 ÷ 0.17, அதாவது சுமார் 118 கிலோ 17-17-17. சாம்பல் சத்தும் அதிலேயே சரியாகிவிடும். பலர் தவறுவது அடுத்த படியில். அதே 118 கிலோவில் தழைச்சத்தும் 20 கிலோ வந்துவிட்டது. மீதி தேவை 20 மட்டுமே. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், ஆகவே 20 ÷ 0.46, சுமார் 43 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை.

கழிக்க மறந்தால் முழு 40 கிலோவையும் யூரியாவில் தேடுவோம். 87 கிலோ, இரண்டு மூட்டை. பயிருக்கு 40 கிலோவுக்குப் பதில் 60 கிலோ தழைச்சத்து போகும்.

என் வயல் அந்த வருடம் கரும்பச்சையாக நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். கதிர் கனத்த நேரத்தில் இரண்டு நாள் மழை பெய்ததும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. தண்டை ஒடித்துப் பார்த்தேன், கீரைத் தண்டு போல மெத்தென்று இருந்தது. சேற்றில் கிடந்த கதிரில் மணி முளைத்தது, அறுக்க வந்தவர்கள் கூலியும் கூடக் கேட்டார்கள். தழைச்சத்து மிஞ்சிய பயிரில் குலைநோயும் எளிதாகப் பிடிக்கும். ஒரு மூட்டை யூரியா மலிவு என்பதால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. இன்றும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

டி.ஏ.பி. (18-46-0) போட்டாலும் இதே கழித்தல்தான். அதில் சாம்பல் சத்து கிடையாது, பொட்டாஷ் தனியாக வேண்டும்.

ஹெக்டேரை ஏக்கராகப் படிப்பது

2.5 ஆல் வகுங்கள். நிலம் குண்டாவில் இருந்தால், 40 குண்டா ஒரு ஏக்கர்.

எல்லா மூட்டையும் 50 கிலோ என்று நினைப்பது

யூரியா மூட்டை 45 கிலோ.

நண்பரின் கணக்கைச் சிமெண்டுத் தரையில் கரியால் போட்டுக் காட்டினேன். 17-17-17 மொத்தமும் அடியுரம். யூரியாவில் ஒரு மூட்டையை முளைத்து ஒரு மாதம் கழித்து, களை எடுத்தபின், ஈரம் இருக்கும்போது மேலுரமாகத் தூவச் சொன்னேன். இன்னொரு மூட்டையை அன்று மாலையே கடையில் திருப்பிக் கொடுத்தார்.