கடைசி நேரக் காலி சீட்டை விலை குறைத்து விற்பது எப்படி? முன்பே வாங்கியவரின் கோபத்துக்கு ஆளாகாமல்!

சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு இரவு 9:30-க்குக் கிளம்பும் ஒரு ஏசி ஸ்லீப்பர் ஆம்னி பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 36 பெர்த். செவ்வாய்க்கிழமை, மாலை 4 மணி. சார்ட்டில் 22 பெர்த் போய்விட்டது, 14 காலி. ஆன்லைனில் இப்போது ஓடும் விலை 900 ரூபாய். குறைக்கலாமா? எவ்வளவு? யாருக்கு?

ஒன்றிரண்டு பஸ் வைத்து ஓட்டுபவர் இதற்கென்று பெரிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு எக்செல் ஷீட்டும் பழைய சார்ட்டுகளும் போதும். கீழே வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. ஜிஎஸ்டியைச் சேர்க்கவில்லை. உங்கள் எண்களைப் போட்டு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீப்பர் பஸ்ஸில் விலை ரகசியமாக இருக்காது. இரட்டை பெர்த்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிறார்கள். "நீங்க எவ்வளவுக்குப் போட்டீங்க?" என்ற கேள்வி செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வந்துவிடும். பத்து நாள் முன்பே 850 கொடுத்தவர், சாயங்காலம் 500-க்கு வாங்கியவரின் பக்கத்தில் விடிய விடியப் படுத்திருந்தால், அடுத்த முறை அவர் முன்பதிவு செய்வாரா என்ன?

படி 1: அடிமட்ட விலையைக் குறித்துக்கொள்ளுங்கள்

புதிதாக இதில் இறங்குபவர்கள் டீசல், டோல், டிரைவர் பேட்டா எல்லாவற்றையும் கூட்டி 36-ஆல் வகுத்து, "இதற்குக் கீழே விற்றால் நஷ்டம்" என்று ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த எண் ரூட்டில் பஸ் விடலாமா என்று யோசிக்கும்போது உதவும். மாலை 4 மணிக்கு அதனால் பயனில்லை. பஸ் எப்படியும் கிளம்பத்தான் போகிறது; டீசல் செலவு ஆகத்தான் போகிறது. அந்த நேரத்தில் ஒரு பயணி கூடுதலாக ஏறினால் என்ன செலவு என்று மட்டும் பாருங்கள். போர்வையும் தலையணை உறையும் துவைக்க, தண்ணீர் பாட்டில் கொடுக்க, எல்லாம் சேர்த்து 45 ரூபாய் என்று வையுங்கள். அதோடு டிக்கெட் தளத்துக்குக் கமிஷன் 10 சதவீதம். அப்படிப் பார்த்தால் 50 ரூபாய்க்கு விற்றாலே கைக்காசு போகாது.

அதற்காக 50 ரூபாய்க்கு விற்க முடியுமா? முடியாது. இன்றைக்கு 14 பெர்த் நிரம்பும், அடுத்த செவ்வாய் ஒருவர்கூட முன்பதிவு செய்யமாட்டார். அதனால் செலவு சொல்லும் அடிமட்டத்துக்கு மேலே, நம்பிக்கை சொல்லும் அடிமட்டம் ஒன்றும் வேண்டும். சாதாரண டிக்கெட்டுக்கு அது, அந்த ட்ரிப்பில் இதுவரை விற்ற டிக்கெட்டுகளிலேயே குறைந்த விலை. நம் பஸ்ஸில் 6 பேர் 750-க்கும், 10 பேர் 850-க்கும், 6 பேர் 900-க்கும் வாங்கியிருக்கிறார்கள். ஆக, அடிமட்டம் 750. ஷீட்டில் `B1`-இல் 45, `B2`-இல் 0.10, `B3`-இல் 750 போட்டு இதை எழுதுங்கள்:

```
=MAX(B1/(1-B2), B3)
```

விடை 750 என்று வரும். இதற்குக் கீழே சாதாரண டிக்கெட் போகக்கூடாது. முதலில் வாங்கியவரைவிடக் குறைவாகச் சாதாரண டிக்கெட்டை யாரும் வாங்கவில்லை என்று கவுன்ட்டரில் இருக்கும் பையன் தைரியமாகச் சொல்ல முடிய வேண்டும்.

ரயில்வே செய்வதையும் ஒரு முறை கவனியுங்கள். 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் பெர்த் விற்க விற்க கட்டணம் ஏறும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு, சார்ட் போட்ட பின்னும் மிச்சமிருக்கும் இடங்களுக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள். அது கடைசியாக விற்ற டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம்தான். ஏறிய விலையிலிருந்து கொஞ்சம் இறங்கினார்களே தவிர, பாதாளத்துக்குப் போகவில்லை.

படி 2: குறைக்கும் முன் வித்தியாசத் தொகையைக் கணக்கில் சேருங்கள்

750 வரை குறைக்கலாம், சரி. ஆனால் 850-உம் 900-உம் கொடுத்த 16 பேர் இருக்கிறார்களே? அவர்களுக்கு ஒரு வாக்கு கொடுத்துவிடுங்கள்: நீங்கள் வாங்கிய அதே வகை டிக்கெட் பிறகு குறைந்த விலைக்குப் போனால், வித்தியாசம் அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாக உங்கள் கணக்கில் ஏறும். அவர்கள் போன் போட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும் என்று வைக்காதீர்கள். பஸ் கிளம்பியதும் தானாக ஏறட்டும், எஸ்எம்எஸ் போகட்டும்.

பழைய செவ்வாய்க்கிழமை சார்ட்டுகளைப் பார்த்தால், 900-இலேயே விட்டால் இரவுக்குள் இன்னும் 4 பெர்த் போகும், 750 ஆக்கினால் 7 போகும் என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 900-க்கு விற்றால் கமிஷனும் 45 ரூபாயும் போக ஒரு பெர்த்துக்கு 765 நிற்கும், நான்குக்கு 3,060. 750-க்கு விற்றால் 630 நிற்கும்; ஏழுக்கு 4,410. விலையைக் குறைத்ததால் 1,350 ரூபாய் கூடுதல் என்று தோன்றும்.

இப்போது கிரெடிட்டைப் பாருங்கள். 10 பேருக்கு 100 வீதம் 1,000. 6 பேருக்கு 150 வீதம் 900. மொத்தம் 1,900. கிடைப்பது 1,350, கொடுப்பது 1,900. இன்றைக்கு எல்லோருக்கும் விலை குறைப்பது வீண் வேலை. கிரெடிட்டை எல்லோருமா பயன்படுத்துவார்கள் என்று சிலர் அதைப் பாதியாக்கிக் கணக்குப் போடுவார்கள். என் யோசனை, முழுசாகவே எழுதுங்கள். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்பதை நம்பிக் கொடுத்தால், அது கொடுத்த கணக்கில் சேராது.

படி 3: குறைந்த விலைக்கு வேறு டிக்கெட் ஒன்றை உருவாக்குங்கள்

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் டிகேடிஎஸ் என்ற கவுன்ட்டர் இருக்கிறது. பிராட்வே நாடகங்களில் அன்றைக்கு விற்காத இருக்கைகளைத் தள்ளுபடி விலைக்கு அங்கே கொடுக்கிறார்கள். முழு விலை கொடுத்தவர்கள் இதற்காகச் சண்டைக்கு வருவதில்லை. தள்ளுபடி வேண்டுமென்றால் அன்றைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், நினைத்த நாடகம் கிடைக்காமலும் போகலாம். அதாவது, விலை குறைந்த இடத்தில் வசதியும் குறைகிறது. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

பஸ்ஸுக்கு இதையே செய்யலாம். 'எந்த பெர்த்தும் சரி' என்று ஒரு டிக்கெட். விலை 650. பெர்த் எண்ணை வாங்கும்போது தேர்ந்தெடுக்க முடியாது; கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு நாம் சொல்வோம். கிளாம்பாக்கத்தில் மட்டும்தான் ஏற வேண்டும். கேன்சல் செய்தால் பணம் வராது. வித்தியாசக் கிரெடிட்டும் கிடையாது.

கணக்கு இப்படி வரும். 900-க்கு வாங்கியிருக்கக்கூடிய நால்வரில் ஒருவர் இந்த மலிவு டிக்கெட்டுக்கு மாறிவிடுவார் என்று வையுங்கள். மிச்சம் மூன்று பேரிடமிருந்து 2,295. 650 டிக்கெட்டில் கழிவு போக 540 நிற்கும். மாறியவரையும் சேர்த்து ஐந்து போனால் 2,700. மொத்தம் 4,995. கிரெடிட் எதுவும் கொடுக்காமலேயே 3,060-ஐவிட 1,935 ரூபாய் கூடுதல். இரண்டு பேர் மாறி, மலிவு டிக்கெட் அதே ஐந்துதான் போனாலும் 4,230 வருகிறது, அதுவும் லாபம்தான்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். வேறுபாடு நிஜமாக இருக்க வேண்டும்: 650 கொடுத்தவருக்கு ஜன்னலோரத் தனி லோயர் பெர்த்தைக் கொடுத்துவிட்டு, 900 கொடுத்தவரைக் கடைசி வரிசையில் மேலே ஏற்றினால் இந்த ஏற்பாடே கெட்டுவிடும். காலியானவற்றில் பின்பக்க அப்பர் பெர்த்துகளை முதலில் ஒதுக்குங்கள். அப்புறம், இந்த டிக்கெட்டுக்கும் ஒரு அடிமட்டம் வையுங்கள். சாதாரண அடிமட்டத்தில் 80 சதவீதம் என்றால், இங்கே 600. மாலையில் ஒரு விலை சொன்னால் கிளம்பும்வரை அதுவே இருக்கட்டும். 4 மணிக்கு 650-க்கு வாங்கியவரை 8 மணிக்கு 600 போட்டுக் கோபப்படுத்த வேண்டாம்.

படி 4: ரீஃபண்ட் விதியைச் சரிபாருங்கள்

கேன்சல் கழிவும் தள்ளுபடியும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. ஒரு நாளுக்கு முன்பு கேன்சல் செய்தால் 10 சதவீதம் பிடிக்கிறீர்கள் என்றால், 900 கொடுத்தவருக்கு 810 திரும்ப வரும். அந்த நேரத்தில் விலை 750 ஆனால், அவர் கேன்சல் செய்து மறுபடி வாங்கி 60 ரூபாய் மிச்சம் பிடிப்பார். சார்ட்டில் ஒரே போன் நம்பர் கேன்சல் பட்டியலிலும் புது புக்கிங்கிலும் வந்தால் இதுதான் நடக்கிறது. அந்த நேரத்துக் கேன்சல் கழிவைவிடத் தள்ளுபடி பெரிதாக இருக்கக்கூடாது என்பது விதி. தானாக ஏறும் கிரெடிட் இருந்தால் இந்த ஆசையே பெரும்பாலும் வராது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கடைசி 6 மணி நேரத்தில் கேன்சல் செய்தால் ஒன்றும் திரும்பாது என்று வைத்திருப்பீர்கள். அந்த பெர்த்தையே நீங்கள் மறுபடி விற்றுவிட்டால்? ஒரே இடத்துக்கு இரண்டு முறை காசு வாங்கியதாகிறது. பஸ் நிறைந்து கிளம்பினால் அவருக்குப் பாதித் தொகையாவது திருப்பிக் கொடுங்கள். இதில் பெர்த் எண்ணைப் பார்க்காதீர்கள். அவர் விட்ட நல்ல ஜன்னலோர பெர்த்தைப் புதிதாக வந்தவர் தேர்ந்தெடுத்திருக்கலாம், வேறு மூன்று காலியாகவே போயிருக்கலாம். அப்படியானால் உங்களுக்குக் கூடுதல் வருமானம் இல்லை. பஸ் நிறைந்ததா என்பதை மட்டும் பாருங்கள்.

கழிவு எப்போதும் அவர் கொடுத்த விலையின்மேல்தான். இன்றைய விலையின்மேல் இல்லை. பஸ்ஸை நீங்கள் ரத்து செய்தாலோ வழியில் பிரேக்டவுன் ஆகி ஓடாமல் போனாலோ, 650 டிக்கெட்காரருக்கும் முழுப் பணமும் போக வேண்டும். 'பணம் திரும்பாது' என்ற நிபந்தனை பயணி தானே விலகும்போது மட்டும்தான். பொங்கல் நேரத்தில், முன்பு 750-க்கு விற்ற டிக்கெட்டை "டெக்னிக்கல் கோளாறு" என்று ரத்து செய்துவிட்டு அதே பெர்த்தை இரண்டு மடங்குக்கு விற்கும் பழக்கம் உண்டு. அதைச் செய்பவருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது.

படி 5: காத்திருக்கப் பழக்குகிறீர்களா என்று பாருங்கள்

ஒவ்வொரு செவ்வாயும் 4 மணிக்கு மலிவு டிக்கெட் வந்தால், வழக்கமாக வரும் பயணி அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துவிடுவார். இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு எண் போதும்: கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு எத்தனை பெர்த் போயிருக்கிறது. செவ்வாய்க்குச் செவ்வாய் ஷீட்டில் குறித்து வாருங்கள். 15, 16 என்று இருந்தது 12, 11 என்று இறங்கத் தொடங்கினால், மலிவு டிக்கெட் புது ஆட்களைக் கொண்டுவரவில்லை, பழைய ஆட்களை மாலைக்குத் தள்ளுகிறது. உடனே சில வாரம் நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது, காலி பெர்த் 10-க்கு மேல் இருந்தால் மட்டும் என்று வரம்பு வையுங்கள், எண்ணிக்கையையும் ஐந்தோடு நிறுத்துங்கள். மிச்ச பெர்த்துகள் காலியாகவே கோயம்புத்தூர் போனாலும் பரவாயில்லை.