ஓரத்தில் வெள்ளை வளையம்: ரிம் லைட், லைட் ராப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். போன மாதம் எங்களிடம் வேலை பழகும் தம்பி ஒரு படத்தைக் காட்டினான். ஸ்டுடியோவில் எடுத்த ஜோடியை வெட்டி, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விடியற்காலையில் எடுத்த படத்தின் முன்னால் நிறுத்தியிருந்தான். "அண்ணே, ரிம் லைட்டும் போட்டுட்டேன், பாருங்க" என்றான். தலை, தோள், கை இடுக்கு, புடவைக் கொசுவம், கால் விரல் வரை ஒரே தடிமனில் வெள்ளைக் கோடு சுற்றி ஓடியது. பல வருஷங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முடியைச் சரியாக வெட்டாதது, பிக்சல் உடைந்த பேக்கிரவுண்டை எடுப்பது போன்றவை பார்த்ததுமே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆளைச் சுற்றி வளையம் போடுவது

ஃபோட்டோஷாப்பில் Inner Glow என்று ஒன்று இருக்கிறது. கலரை வெள்ளையாக்கி, சைஸை ஏற்றினால் இரண்டே நொடியில் ஓரமெல்லாம் மின்னும். திரையில் முழுப் படமாகச் சின்னதாகப் பார்க்கும்போது நன்றாகவே தெரியும். அதில்தான் ஏமாந்தேன். 12க்கு 36 இன்ச் ஷீட்டில் அச்சாகி வந்தபோது மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டைச் சுற்றி அந்தக் கோடு அப்படியே நின்றது. பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "தம்பி, படத்தை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கே" என்றார். 16 ஷீட்டை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த வளையத்தை எங்கே பார்த்தாலும் எரிச்சல் வருகிறது.

வளையம் ஏன் தப்பு என்றால், அது இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. ரிம் லைட் என்பது பின்னாலிருந்து வரும் ஒரு விளக்கோ சூரியனோ உடம்பின் மேல் நேராக விழும் வெளிச்சம். அதற்குத் திசை உண்டு. லைட் ராப் அப்படியல்ல. ஆளுக்குப் பின்னால் இருக்கும் பிரகாசம் கசிந்து ஓரத்தின் மேல் லேசாகப் படிவதுதான் அது. அங்கே பார்க்க வேண்டியது, அந்த இடத்துக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்பதை.

தம்பியின் படத்தையே எடுத்துக்கொள்வோம். நம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஜோடிக்குப் பின்னால், படத்தின் இடது பக்கம், சூரியன் தாழ்வாக இருந்தது. தலைக்கும் தோளுக்கும் பின்னால் பிரகாசமான வானம். இடுப்புக்குப் பின்னால் கொஞ்சம் மங்கலான கடல். காலுக்குப் பின்னால் ஈர மணல். அப்படியானால் ராப் தலையைச் சுற்றி நன்றாகத் தெரிய வேண்டும், இடுப்பில் குறைய வேண்டும், காலில் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. சூரியனின் ரிம் படத்தில் இடது பக்கம் தெரியும் தோள், முடி, கன்னத்தின் ஓரம் இவற்றில் மட்டும் விழ வேண்டும். வலது பக்கம் ரிம் கிடையாது.

ராப்பை இப்படிப் போட்டோம். பேக்கிரவுண்ட் லேயரை மட்டும் காப்பி எடுத்து, Gaussian Blur 60 கொடுத்து, ஆள் லேயருக்கு மேலே வைத்து, Ctrl+Alt+G அழுத்தி கிளிப் செய்தோம். மோட் Screen. அந்த லேயருக்கு ஒரு வெள்ளை மாஸ்க். ஆள் லேயரின் சின்னப் படத்தை Ctrl பிடித்துக் கிளிக் செய்தால் செலக்ஷன் வரும், அதை மாஸ்க்கில் கறுப்பால் நிரப்பி, செலக்ஷனை எடுத்துவிட்டு, மாஸ்க்குக்கு 30 அளவில் Gaussian Blur. இப்போது ஓரத்தில் பாதி வெளிச்சம், உள்ளே போகப் போக ஒன்றுமில்லை. Screen மோடில் கறுப்பு எதையும் மாற்றாது. அதனால் மணல் பக்கம் தானாகவே அடங்கிவிடும், வானத்தின் பக்கம் மட்டும் நன்றாகப் படியும். கடைசியில் லேயர் ஒபாசிட்டியை 60 சதவீதத்துக்கு இறக்கினோம். இந்த எண்கள் ஆள் 3000 பிக்சல் உயரம் இருக்கும் படத்துக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பும் சின்னப் படத்துக்கு இதையே கொடுத்தால் ஆள் பனியில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

ரிம்முக்குத் தனி லேயர், அதுவும் கிளிப் செய்தது, மோட் Screen. கலரைச் சூரியனின் நடுவிலிருந்து எடுக்காதீர்கள், அங்கே வெறும் வெள்ளைதான் இருக்கும். சூரியனை ஒட்டிய வானத்திலிருந்து அந்த வெளிர் ஆரஞ்சை எடுக்க வேண்டும். தோள் மெதுவாக வளைவதால் அங்கே கோடு அகலமாக, மென்மையாக விழும். மூக்கின் ஓரம், விரல் போன்ற இடங்களில் மெல்லிசாக. பட்டுப் புடவையின் மடிப்பில் மேட்டில் மட்டும் பட்டு, பள்ளத்தில் அறுந்துபோகும். கோடு அறுந்து அறுந்து வருவதுதான் உண்மையான ரிம். முடிக்கு Screen வேண்டாம், Color Dodge போடுங்கள். அது முடியின் இடையே இருக்கும் கறுப்பைக் கறுப்பாகவே விட்டு, ஏற்கெனவே கொஞ்சம் மின்னும் இழைகளை மட்டும் தூக்கும்.

அப்புறம், பின்வெளிச்சத்தில் மல்லிகைப்பூ வெளிச்சத்தை ஊடுருவவிட்டுத் தானே ஒளிர்வதுபோல் இருக்கும். காது மடல் சிவக்கும். ஒரு நாள் காலை ஆறரைக்கு பீச்சில் ஒருவரைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்துப் பாருங்கள், சொல்வது புரியும்.

முகத்தை அப்படியே விடுவது

ஸ்டுடியோவில் முன்னால் இரண்டு குடை லைட் வைத்து எடுத்த முகம் பளிச்சென்று இருக்கும். பின்னால் சூரியன் இருக்கும்போது முகம் நிழலில்தான் இருக்கும். முகத்தின் வெளிச்சத்தை இறக்காமல் எவ்வளவு அழகாக ரிம் போட்டாலும் ஒட்டாது. ஆள் லேயருக்கு ஒரு Curves கிளிப் செய்து, நடுப்புள்ளி 128ஐ 100 வாக்கில் இறக்கிவிட்டு, அதன் பிறகு ரிம் போடுங்கள். முதலில் ரிம் போட்டுவிட்டால், ஆள் பிரகாசமாக இருப்பதால் அது தெரியாது, இன்னும் இன்னும் ஏற்றிக்கொண்டே போவீர்கள். முகம் கறுத்தால் வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது நிஜம்தான். அப்படியென்றால் வெயில் பின்னால் இருக்கும் பேக்கிரவுண்டை விட்டுவிட்டு, புதுச்சேரி பீச் ரோட்டில் மேகமூட்டத்தில் எடுத்தது மாதிரி மென்மையான வெளிச்சம் உள்ள படத்தை எடுத்துக்கொள்வது நல்லது. அங்கே ரிம் வேண்டாம், லேசான ராப் மட்டும் போதும்.

வெட்டும்போது வந்த பழைய கலரை விட்டுவைப்பது

Layer > Matting > Defringe, 1 பிக்சல் கொடுத்து ஓரத்தில் ஒட்டிய ஸ்டுடியோ கலரை எடுத்துவிடுங்கள். ராப்புக்கு முன்னால்.

இடம் முடிவாகும் முன்பே ராப் போடுவது

ஆளை நகர்த்தினால் பின்னால் இருக்கும் வெளிச்சமும் மாறும். ராப்பை மறுபடி செய்ய வேண்டும்.

எல்லா லேயரையும் சேர்த்து மங்கலாக்குவது

Ctrl+Shift+Alt+E அழுத்தி எல்லாம் சேர்ந்த காப்பி எடுத்து அதை மங்கலாக்கினால் புடவையின் அரக்குச் சிவப்பே புடவை ஓரத்தில் கசியும். பேக்கிரவுண்ட் மட்டும்தான் வேண்டும்.

நிழல்

சூரியன் ஆளுக்குப் பின்னால் என்றால் நிழல் கேமராவை நோக்கி விழும். தம்பியின் படத்தில் அது பின்பக்கம் கடலை நோக்கிக் கிடந்தது. வளையத்தை எடுத்த பிறகுதான் அது எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது.