மேலாளருடன் தனிச் சந்திப்பா? கடைசி ஐந்து நிமிடம் எழுதுவதற்கு

வாராவாரம் மேலாளரிடம் அரை மணி நேரம் பேசுபவர்கள், இருவரும் திருத்தக்கூடிய ஒரே கோப்பை வைத்துக்கொண்டு, எடுத்த முடிவுகளைக் கடைசி ஐந்து நிமிடத்தில் அங்கேயே சேர்ந்து எழுதிவிடுங்கள். யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்பது ஒவ்வொரு வரியிலும் வேண்டும். "தீபாவளி ரோஸ்டரைப் பார்க்கணும்" என்று எழுதினால் யாரும் தொடமாட்டார்கள். "தீபாவளி வாரத்துக்கு மாற்று ஆள் கேட்டு, துவாஸ் கிடங்குக்கு நான் வெள்ளிக்கிழமைக்குள் மின்னஞ்சல் அனுப்புவேன்" என்றால், முடிந்ததா இல்லையா என்பது அடுத்த வாரம் பார்த்ததும் தெரியும். மேலாளர் ஏற்றுக்கொண்ட வேலையும் இதே பட்டியலில்தான் வரவேண்டும்.

முடியாத வரிகளை அடுத்த தேதியின் கீழ் நகலெடுத்துவிட்டால், அடுத்த சந்திப்பின் தொடக்கம் தயார். அப்புறம் உங்கள் விஷயங்கள், பிறகு மேலாளருடையவை. இந்த வரிசை மாறினால் வேலை நிலவரம் சொல்வதிலேயே நேரம் போய்விடும். ஒரே வரி மூன்றாவது முறையும் நகர்ந்தால் தேதியை மட்டும் தள்ளாதீர்கள். வேலையைச் சிறிதாக்குங்கள் அல்லது எடுத்துவிடுங்கள்.

உடல்நலம், குடும்பச் சிக்கல், சக ஊழியர் மீதான புகார் போன்றவற்றுக்கு இது சரிவராது. அவற்றைப் பகிர்ந்த கோப்பில் எழுத வேண்டாம்.